ஹோஸ்டிங்கை நிறுத்தலாம், பெயரை விட்டுடாதீங்க

(ஏற்காடு வட்டம் வாழவந்தியில் சிறுதொழில் செய்வோர், தங்கும் விடுதி நடத்துவோர் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்க வர்றதுக்கு முன்னாடி ஒரு அம்மா என்கிட்ட ஒரு காபித்தூள் பாக்கெட்டைக் கொடுத்தாங்க. நம்ம மலையில விளைஞ்ச காபி, சொந்தமா வறுத்து அரைச்சு விக்கிறாங்க. பாக்கெட் முன்பக்கம் கடைப் பேரு, பின்பக்கம் உணவு உரிம எண், கைபேசி எண், கீழே அவங்க இணையதள முகவரி, பக்கத்துல ஒரு கியூஆர் கோடு. "சார், வருஷா வருஷம் கார்டுல இருந்து தானா பணம் எடுத்துடுறாங்க. சைட்டை யாரும் பார்க்கிற மாதிரி தெரியல. ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்லதான் வருது. நிறுத்திடட்டுமா?"னு கேட்டாங்க.

நிறுத்தலாம்னுதான் சொன்னேன். ஆனா உடனே, "அந்த ரசீதைக் கொஞ்சம் காட்டுங்கம்மா"னும் கேட்டேன். ஏன்னா "சைட்டை நிறுத்துறது"ன்னு அவங்க ஒரே வேலையா நினைச்சுட்டு இருந்தாங்க. ரசீதுல நாலு வரி இருந்தது. டொமைன் ஒரு வரி, ஹோஸ்டிங் ஒரு வரி, மின்னஞ்சல் ஒரு வரி, பாதுகாப்புச் சான்றிதழ் ஒரு வரி. நாலுக்கும் தனித்தனி முடிவு தேதி. இன்னைக்கு நான் பேசப்போறது முழுக்க அந்த நாலு வரியில எதை விடலாம், எதை விட்டா மாட்டிக்குவோம், எந்த வரிசையில விடணும் என்பதைப் பத்தித்தான்.

முதல்ல அந்த ரெண்டு பெரிய வரியைப் பிரிச்சுப் பார்ப்போம். ஹோஸ்டிங் என்பது கடை வாடகை மாதிரி. உங்க படங்கள், விலைப்பட்டியல், பக்கங்கள் எல்லாம் ஏதோ ஒரு கம்ப்யூட்டர்ல இருக்கு, அந்த இடத்துக்குக் கொடுக்கிற வாடகை அது. இந்த இடம் வேண்டாம்னா இன்னொரு இடம் பிடிச்சுக்கலாம். டொமைன் என்பது பெயர், அதாவது .com-லயோ .in-லயோ முடியுற அந்த முகவரி. நம்மில் பல பேர் "டொமைன் வாங்கிட்டேன்"னு சொல்றோம். உண்மையில யாரும் அதை வாங்குறதில்லீங்க. தோட்டத்தைக் குத்தகைக்கு எடுக்கிற மாதிரி, வருஷக் கணக்குல எடுக்கிறோம். குறைஞ்சது ஒரு வருஷம், ஒரே நேரத்துல அதிகபட்சம் பத்து வருஷம். குத்தகை முடிஞ்சு நீங்க புதுப்பிக்கலன்னா, அடுத்தவர் எடுத்துக்கலாம். இத்தனை வருஷமா அது என் பேருன்னு சொல்லி மட்டும் திருப்பிக் கேட்க முடியாது. பதிவு பெற்ற வணிக முத்திரை வெச்சிருக்கிறவங்களுக்கு .in பெயர்களுக்கும் .com பெயர்களுக்கும் தனித்தனியா முறையீட்டு வழி இருக்கு. ஆனா அதுக்கு ஆகிற செலவும் நாளும் ஒரு சின்னக் கடைக்குக் கட்டுபடி ஆகாது.

அதனால கடையைக் காலி பண்றதும் பேரைக் காலி பண்றதும் ஒண்ணு இல்ல. அந்த அம்மா நிறுத்த வேண்டியது ஹோஸ்டிங்கை மட்டும்தான். பேரு அவங்க பாக்கெட் எல்லாத்துலயும் அச்சாகி ஊரெல்லாம் போயிருக்கு.

பெயர் எப்படிக் கைநழுவுது

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்க .com பெயரோட முடிவு தேதி ஜூன் 10-ன்னு வெச்சுக்குங்க. ஆட்டோ ரினியூவலை நிறுத்திட்டீங்க, அல்லது கார்டுல பணம் போகல. ஜூன் 11 காலையில என்ன ஆகும்?

பேரு அன்னைக்கே போயிடாது. முடிவு தேதிக்குப் பிறகு அதிகபட்சம் 45 நாள் வரைக்கும் ஒரு சலுகைக் காலம் இருக்கு. நம்ம கணக்குல ஜூலை 25 வரைக்கும். இந்தக் காலத்துல சாதாரணக் கட்டணத்தையோ, அதோட கொஞ்சம் தாமதக் கட்டணத்தையோ கட்டிப் பேரைத் திரும்ப எடுத்துக்கலாம். ஆனா "45 நாள் இருக்குல்ல"ன்னு உட்காரக் கூடாது. அந்த 45 நாள் உங்களுக்கு உறுதியாக் கொடுத்தது இல்ல, நீங்க பதிவு செஞ்ச நிறுவனத்துக்கு இருக்கிற அவகாசம் அது. அவங்க அதுக்கு முன்னாடியே பேரை விடுவிக்கலாம். பல நிறுவனங்கள் இந்தக் காலத்துக்குள்ளேயே காலாவதியான பெயரை ஏலம் விடுறாங்க. ஏலத்துல இன்னொருத்தர் எடுத்துட்டா, அடுத்து சொல்லப்போற மீட்புக் காலமே உங்களுக்குக் கிடைக்காது.

ஏலம் போகாம, நிறுவனம் பேரை விடுவிச்சிடுச்சுன்னா அடுத்து 30 நாள் மீட்புக் காலம். ஆகஸ்ட் 24 வரைக்கும். இதுல பழைய உரிமையாளர் மட்டும்தான் பேரைத் திரும்பக் கேட்க முடியும். கட்டணம்தான் வழக்கமான வருடக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு. அதுக்கப்புறம் 5 நாள், அழிப்புக்காகக் காத்திருக்கிற நாட்கள். அந்த 5 நாள்ல யாராலும், எவ்வளவு பணம் கொடுத்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது. ஆகஸ்ட் 29 வாக்குல பேரு சந்தைக்கு வரும். இப்படி விழுற பெயர்களைப் பிடிக்கிறதுக்குன்னே மென்பொருள் வெச்சுக் காத்திருக்கிறவங்க இருக்காங்க. நாம கைபேசியில தட்டச்சு பண்ணி முடிக்கிறதுக்குள்ள அவங்க எடுத்திருப்பாங்க.

.in பெயர்களை நம்ம நாட்டின் தேசிய இணையப் பரிமாற்ற அமைப்பான நிக்ஸி நிர்வகிக்குது. அதுலயும் இதே மாதிரி கட்டங்கள் உண்டு. எத்தனை நாள், எவ்வளவு கட்டணம்கிறதை நீங்க பதிவு செஞ்ச நிறுவனத்தோட பக்கத்துல பார்த்து ஒரு தாள்ல எழுதி வெச்சுக்குங்க.

இதுல ஒரு ஏமாற்றுக் காட்சியைச் சொல்லணும். நானே ஒருமுறை இதுல ஏமாந்திருக்கேன். lookup.icann.org-ன்னு ஒரு பக்கம் இருக்கு. உங்க பெயரைப் போட்டா அதோட முடிவு தேதி, நிலை எல்லாம் காட்டும். கைபேசியிலேயே பார்க்கலாம். ஒரு .com பெயரை நான் முடிவு தேதிக்கு ரெண்டு நாள் கழிச்சு அதுல பார்த்தேன். Registry Expiration-ன்னு இருந்த இடத்துல அடுத்த வருஷத் தேதி இருந்தது. சரி, பணம் போயிருக்கு, புதுப்பிச்சாச்சுன்னு விட்டுட்டேன். உண்மையில பணம் போகவே இல்ல. காரணம் என்னன்னா, .com பெயர்களைப் பராமரிக்கிற மையப் பதிவகம் முடிவு தேதி அன்னைக்குத் தானாவே ஒரு வருஷம் கூட்டிப் போட்டுடும். நிறுவனம் அப்புறமா 45 நாளுக்குள்ள "இவர் பணம் கட்டல"ன்னு சொல்லி அதைத் திருப்பிக்கும். அந்த இடைக்காலத்துல நிலை என்கிற இடத்துல autoRenewPeriod-ன்னு வரும். அதைப் பார்த்தா "புதுப்பிச்சாச்சு"ன்னு அர்த்தம் இல்ல. redemptionPeriod-ன்னு வந்தா மீட்புக் காலத்துக்குப் போயிடுச்சுன்னு அர்த்தம், அன்னைக்கே போன் பண்ணுங்க. pendingDelete-ன்னு வந்தா கதை முடிஞ்சது. பணம் கட்டினதுக்கு நம்பகமான சாட்சி உங்க கணக்குல இருக்கிற ரசீது மட்டும்தான்.

பேரு போனா யாருக்கு என்ன நஷ்டம்

"சைட்டே வேண்டாம்கிறேன், பேரு போனா என்ன?"ன்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்விதான். ரெண்டு விஷயம் சொல்றேன்.

ஒண்ணு, கண்ணுக்குத் தெரியிறது. பாக்கெட்டுல இருக்கிற கியூஆர் கோடு அந்தப் பேருக்குத்தான் போகும். பேரை எடுத்தவர் அங்க சூதாட்டப் பக்கம் வெச்சா, சேலத்துல ஒரு வீட்டுல உங்க காபிப் பாக்கெட்டைப் பிடிச்சு ஸ்கேன் பண்றவர் அதைத்தான் பார்ப்பார். பழைய, நல்ல பேரு உள்ள முகவரிகளைத்தான் அப்படிப்பட்டவங்க தேடி எடுக்கிறாங்க. தேடுபொறிகள்ல அதுக்கு ஏற்கனவே ஒரு இடம் இருக்கும் பாருங்க, அதுக்காக.

ரெண்டாவது கண்ணுக்குத் தெரியாது, ஆனா அதுதான் ஆபத்து. அந்த அம்மாகிட்ட அந்தப் பேர்லயே ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தது. அதை எங்கெல்லாம் கொடுத்திருக்கீங்கன்னு கேட்டேன். யோசிச்சு யோசிச்சுச் சொன்னாங்க: வங்கியில, ஜிஎஸ்டி பதிவுல, உத்யம் பதிவுல, உணவு உரிமத்துல. பேரை எடுத்துக்கிற புது ஆள், அந்தப் பேருக்கு வர்ற எல்லா மின்னஞ்சலும் தன் பெட்டிக்கு வர்ற மாதிரி சில நிமிஷத்துல அமைச்சுக்கலாம். உங்க கடவுச்சொல் அவருக்குத் தேவையில்ல. பழைய மின்னஞ்சல்கள் அவருக்குக் கிடைக்காது, அதுவரைக்கும் சரி. ஆனா இனிமே வர்றது எல்லாம் அவருக்குத்தான். "கடவுச்சொல் மறந்துட்டேன்"னு அவர் ஒரு தளத்துல அழுத்தினா, மாற்றுறதுக்கான இணைப்பு அவர் பெட்டிக்குத்தான் போகும். கைபேசிக்கும் ஓடிபி கேட்கிற இடத்துல நீங்க தப்பிப்பீங்க. மின்னஞ்சல் மட்டும் கேட்கிற இடத்துல தப்பிக்க முடியாது.

அதனால ஹோஸ்டிங்கைத் தொடுறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய முதல் வேலை இது. டொமைன் நிறுவனத்துல இருக்கிற உங்க கணக்கைத் திறந்து, அதுல தொடர்பு மின்னஞ்சல் எதுன்னு பாருங்க. அதே டொமைன்ல உள்ள முகவரியா இருந்தா உடனே மாத்துங்க. பூட்டின வீட்டுக்குள்ள சாவியை வெச்ச கதைதான் அது. பேரு காலாவதியானா மின்னஞ்சலும் நின்னுடும், அப்போ "காலாவதி ஆயிடுச்சு, புதுப்பிங்க"ன்னு வர்ற எச்சரிக்கையும் உங்களுக்கு வராது. .com மாதிரி பெயர்களுக்கு நிறுவனம் கட்டாயமா மூணு நினைவூட்டல் அனுப்பணும்: ஏறக்குறைய ஒரு மாசம் முன்னாடி ஒண்ணு, ஒரு வாரம் முன்னாடி ஒண்ணு, காலாவதியான 5 நாளுக்குள்ள ஒண்ணு. இது 2013 ஆகஸ்ட் முதல் நடைமுறையில இருக்கிற உலகப் பொது விதி. அவங்க அனுப்புவாங்க. அதைப் படிக்கிற பெட்டி உயிரோட இருக்கணும். வேற ஒரு பொது மின்னஞ்சல் முகவரியைக் கொடுங்க, உங்க இப்போதைய கைபேசி எண்ணையும் கொடுங்க.

நினைவூட்டல் பத்திப் பேசும்போது இதையும் சொல்லிடுறேன். அதே மாதிரி வேஷம் போட்டுப் போலி மின்னஞ்சலும் வரும். "24 மணி நேரத்துல பேரு போயிடும், இங்க அழுத்திப் பணம் கட்டுங்க"ன்னு இருக்கும். மின்னஞ்சல்ல இருக்கிற இணைப்பு வழியா எப்பவும் பணம் கட்டாதீங்க. நிறுவனத்தோட தளத்தை நீங்களே தட்டச்சு பண்ணித் திறந்து, உள்ள போய் தேதியைப் பாருங்க.

நிறுத்துற வரிசை

இப்போ அந்த அம்மாவோட கணக்கையே எடுத்துக்குவோம். அவங்க ஹோஸ்டிங் முடியிறது மே 20. டொமைன் முடியிறது ஜூன் 10. நாங்க உட்கார்ந்தது மார்ச் கடைசியில. இந்த அவகாசம் முக்கியம். பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் முடிவு தேதி அன்னைக்குப் பணம் எடுக்கிறதில்ல, ரெண்டு வாரம், சில இடத்துல ஒரு மாசம் முன்னாடியே எடுத்துடுவாங்க. மே 19-ம் தேதி நிறுத்தப் போனா, பணம் ஏற்கனவே போயிருக்கும். குறைஞ்சது 45 நாள் முன்னாடி வேலையை ஆரம்பிங்க.

மின்னஞ்சல் முகவரியை மாத்தினதுக்கு அப்புறம், தளத்துல இருக்கிறதை எடுத்து வெச்சோம். ஹோஸ்டிங் காலாவதியானா டொமைனுக்கு இருக்கிற மாதிரி மீட்புக் காலம்னு பொது விதி எதுவும் கிடையாது. நிறுவனம் தன் விருப்பப்படி சில நாள்லயோ சில வாரத்துலயோ எல்லாத்தையும் அழிச்சிடும். பெரும்பாலான ஹோஸ்டிங்ல cPanel-ன்னு ஒரு நிர்வாகப் பக்கம் இருக்கும். அதுல Backup என்கிறதைத் திறந்து முழுக் கணக்கையும் ஒரே கோப்பா இறக்கிக்கலாம். கோப்பு பெரிசா இருக்கும், நம்ம மலையில சிக்னல் போயிட்டு வந்துட்டு இருக்கும். கீழ சேலம் போகும்போது நல்ல இணைப்புல ஒரு கம்ப்யூட்டர்ல இறக்கிக்கிறதே மேல். இறக்கின கோப்பைத் திறந்து பார்த்து, உள்ள படங்கள் இருக்கான்னு உறுதி பண்ணுங்க. பாதியில நின்ன கோப்பைப் பத்திரமா வெச்சிருக்கிறவங்களும் உண்டு.

அடுத்த வேலையில கொஞ்சம் நிதானம் வேணும். உங்க பேரு எந்தக் கம்ப்யூட்டருக்குப் போகணும், மின்னஞ்சல் எங்க போகணும்னு வழிகாட்டுற ஒரு பலகை இருக்கு. அந்தப் பலகையை வெச்சிருக்கிற இடத்தை நேம் சர்வர்னு சொல்வாங்க. டொமைன் ஒரு நிறுவனத்துல, ஹோஸ்டிங் இன்னொரு நிறுவனத்துல இருந்தா, பெரும்பாலும் இந்தப் பலகை ஹோஸ்டிங்காரரோட இடத்துலதான் நிக்கும். ஹோஸ்டிங்கை நிறுத்தின அன்னைக்குப் பலகையும் போயிடும். அதோட மின்னஞ்சலும் நின்னுடும், நீங்க மின்னஞ்சலுக்குத் தனியாப் பணம் கட்டிட்டு இருந்தாலும்கூட. "பேருக்கு ஜூன் வரைக்கும் பணம் கட்டியிருக்கேனே, ஏன் மெயில் வரல?"ன்னு திகைக்கிறவங்க எல்லாம் இந்த இடத்துலதான் விழுந்திருப்பாங்க.

இதைக் கைபேசியிலேயே பார்க்கலாம். toolbox.googleapps.com/apps/dig என்கிற பக்கத்தைத் திறந்து, உங்க பேரைப் போட்டு NS-ஐ அழுத்துங்க. வர்ற வரியில ஹோஸ்டிங் நிறுவனத்தோட பேரு இருந்தா, பலகை அவங்ககிட்ட இருக்குன்னு அர்த்தம். பிறகு MX-ஐ அழுத்துங்க, மின்னஞ்சல் எங்க போகுதுன்னு காட்டும். ரெண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்குங்க. அந்த அம்மாவோட விஷயத்துல ரெண்டுமே ஹோஸ்டிங்காரர்கிட்டதான் இருந்தது. அதனால டொமைன் நிறுவனத்தோட கணக்குக்குள்ள போய், அவங்களோட சொந்த நேம் சர்வருக்கு மாத்தினோம். மாத்துறதுக்கு முன்னாடியே மின்னஞ்சலை விட்டுடுறதா முடிவு பண்ணி, வங்கி, ஜிஎஸ்டி, உத்யம், உணவு உரிமம் நாலுலயும் புது முகவரியைக் கொடுத்து முடிச்சிருந்தாங்க. அதுக்கு மட்டும் மூணு வாரம் ஆச்சு. நேம் சர்வர் மாற்றம் எல்லா இடத்துலயும் தெரிய ஒண்ணு ரெண்டு நாள் ஆகலாம், அதுவரைக்கும் பழைய ஹோஸ்டிங்கை விடக் கூடாது.

அப்புறம், தளம் இல்லன்னா கியூஆர் கோடு எங்க போகும்? பல டொமைன் நிறுவனங்கள் Forwarding-ன்னு ஒரு வசதியைத் தனிக் கட்டணம் இல்லாமலே தர்றாங்க. பேரைத் தட்டினா வேற ஒரு பக்கத்துக்குத் திருப்பி விடும். அவங்க வாட்ஸ்அப் பிசினஸ் இணைப்புக்குத் திருப்பி விட்டோம். பாக்கெட்டை ஸ்கேன் பண்ணினா இப்போ நேரா அவங்களோட உரையாடல் திறக்குது. வருஷத்துக்கு டொமைன் கட்டணம் மட்டும் போதும், ஹோஸ்டிங் செலவு மிச்சம். தங்கும் விடுதி வெச்சிருக்கிறவங்க வரைபடத்துல இருக்கிற உங்க இடத்துக்கே திருப்பி விடலாம்.

இதெல்லாம் முடிஞ்ச பிறகுதான் ஹோஸ்டிங் வரிக்குப் பக்கத்துல இருக்கிற Auto-Renew-ஐ அணைச்சோம். அந்த வரிக்கு மட்டும். சில நிறுவனங்கள்ல எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே பொத்தான் இருக்கும், அதை அழுத்தினா டொமைனும் சேர்ந்து அணைஞ்சிடும். அணைச்ச பிறகு பக்கத்தை மறுபடி திறந்து, டொமைன் வரியில இன்னும் எரியுதான்னு பாருங்க. "ரத்து உறுதி"ன்னு மின்னஞ்சல் வர்ற வரைக்கும் விடாதீங்க, அதையும் திரையையும் படம் எடுத்து வெச்சுக்குங்க.

ஒரு சந்தேகம் பலருக்கு வரும்: "ஹோஸ்டிங் வாங்கினப்போ முதல் வருஷம் டொமைன் இலவசம்னாங்களே?" அப்படி வந்த பெயர்ல, ஹோஸ்டிங்கை நடுவுல ரத்து பண்ணிப் பணம் திரும்பக் கேட்டா டொமைன் கட்டணத்தைக் கழிச்சுக்குவாங்க. அது பரவாயில்ல. ரத்து பண்ணும்போது "டொமைனையும் சேர்த்து நீக்கவா?"ன்னு ஒரு சின்னக் கட்டம் வரும். சில இடத்துல அதுல ஏற்கனவே டிக் போட்டிருக்கும். அதை எடுத்துட்டு அழுத்துங்க.

வங்கிப் பக்கம்

பல பேர் இந்த வேலையைத் தலைகீழாச் செய்யிறாங்க. நிறுவனத்தோட பக்கத்துல எங்க ரத்து பண்றதுன்னு தெரியல, அதனால வங்கிச் செயலியில போய் அனுமதியை நிறுத்திடுறாங்க. யுபிஐ செயலியில ஆட்டோபே என்கிற இடத்துல, கார்டா இருந்தா வங்கியோட இ-மேண்டேட் பக்கத்துல. நிறுத்த உங்களுக்கு முழு உரிமை இருக்கு. ரிசர்வ் வங்கி விதிப்படி, எந்த நேரத்துலயும் அனுமதியைத் திரும்பப் பெற வங்கி வழி செஞ்சு தரணும். பணம் எடுக்கிறதுக்குக் குறைஞ்சது 24 மணி நேரம் முன்னாடி உங்களுக்குச் செய்தியும் அனுப்பணும். ஆனா ஒரே அனுமதியில டொமைனும் ஹோஸ்டிங்கும் சேர்ந்திருந்தா, ஹோஸ்டிங்கை நிறுத்துறதா நினைச்சு டொமைனையும் சாகடிச்சிடுவீங்க. அதனால வங்கி அனுமதியை நிறுத்துறது கடைசி வேலை. நிறுத்தின அன்னைக்கே டொமைனுக்கு நேரடியாப் பணம் கட்டிடுங்க. நாங்க மூணு வருஷத்துக்குக் கட்டினோம்.

எடுத்த பணத்தைத் தகராறு பண்ணித் திரும்ப வாங்கலாமேன்னு வங்கியில புகார் கொடுக்கிறவங்களும் உண்டு. ஏமாத்தியிருந்தா செய்யுங்க. ஆனா நீங்களே ஒப்புக்கொண்ட கட்டணத்துக்கு அப்படிச் செஞ்சா, பல நிறுவனங்கள் கணக்கையே பூட்டிடுவாங்க, பேரும் உள்ளே மாட்டிக்கும். முதல்ல நிறுவனத்துகிட்ட எழுத்துல பணத்தைத் திரும்பக் கேளுங்க.

இதோட மறுபக்கமும் இருக்கு. ஆட்டோ ரினியூவல் எரியுதுன்னா பேரு பத்திரம்னு நம்பிடாதீங்க. 2021 அக்டோபர் 1 முதல், கார்டுல தொடர்ச்சியா எடுக்கிற பணத்துக்கு ரிசர்வ் வங்கியோட இ-மேண்டேட் விதி முழுசா அமலுக்கு வந்தது. அந்த முறைக்குள்ள வராத வெளிநாட்டு நிறுவனம்னா உங்க கார்டுல தானா எடுக்க முடியாது. 2022 ஜூன்ல வரம்பை 5,000-லிருந்து 15,000 ரூபாயா உயர்த்தினாங்க, அதுக்கு மேல போனா ஒவ்வொரு முறையும் ஓடிபி வேணும். கார்டு காலாவதியாகிப் புதுசு வந்திருந்தாலும் பணம் போகாம நிக்கலாம். திரையில மட்டும் பொத்தான் பச்சையா எரிஞ்சிட்டு இருக்கும்.

பெரிய நிறுவனங்களே இதுல விழுந்திருக்காங்க. 2017 ஜூலை 25 அன்னைக்கு அமெரிக்காவுல மார்க்கெட்டோன்னு ஒரு மென்பொருள் நிறுவனத்தோட பெயர் காலாவதியாச்சு. அவங்க சேவையை வெச்சு நடந்துட்டு இருந்த வாடிக்கையாளர்களோட தளங்கள்ல படிவங்களும் படங்களும் வேலை செய்யல. தானியங்கிப் புதுப்பித்தல் தவறிடுச்சுன்னு நிறுவனமே சொன்னது. கடைசியில பெயர் காலாவதியானதைக் கவனிச்சு, தன் கைக்காசைப் போட்டுப் புதுப்பிச்சவர் ஒரு வாடிக்கையாளர்! 1999 டிசம்பர்ல மைக்ரோசாஃப்டோட passport.com பெயருக்குப் பணம் கட்டாம விட்டு, ஹாட்மெயில் பயன்படுத்துறவங்க உள்ள போக முடியாம தவிச்சாங்க. மைக்கேல் சேனி என்கிற ஒரு நிரலாளர் கிறிஸ்துமஸ் சமயத்துல 35 டாலர் கட்டி அதைச் சரி பண்ணினார். மைக்ரோசாஃப்டுக்கு அப்படி ஒரு நல்ல மனுஷன் கிடைச்சார். நமக்குக் கிடைப்பாரான்னு சொல்ல முடியாது.

கேட்ட கேள்விகள்

பேசி முடிச்ச பிறகு ஒரு தம்பி கேட்டார், "ரத்து பண்ற பொத்தானையே காணோம், போன் பண்ணச் சொல்றாங்க, போன்ல எடுக்கிறதில்ல, என்ன பண்றது?"ன்னு. இதுக்கு நம்ம நாட்டுல ஒரு வழி இருக்கு. சேருறதைச் சுலபமாவும் விலகுறதைச் சிக்கலாவும் வெக்கிறதை, 2023 நவம்பர் 30-ல வெளியான மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள் ஏமாற்று உத்தின்னு வகைப்படுத்தித் தடை செய்யுது. அந்தப் பக்கங்களைப் படம் பிடிச்சு வெச்சு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் சொல்லுங்க. போலி இணைப்புல பணம் கட்டி ஏமாந்திருந்தா அது வேற, அதுக்கு உடனே 1930.

விடுதி நடத்துற ஒருத்தர், "எங்க சைட்டைப் போட்டுக் கொடுத்த பையன்தான் எல்லாம் பார்த்துக்கிறான், அவன் நம்பர் இப்போ போகல"ன்னார். இதைக் கேட்டதும் எனக்குக் கவலையாத்தான் இருந்தது. பேரு அந்தப் பையனோட கணக்குல, அவரோட பேர்லயே பதிவாகியிருந்தா, பதிவேட்டின்படி உரிமையாளர் அவர்தான். பணம் கட்டினது நீங்கன்னு உங்ககிட்ட சாட்சி இருந்தாலும் நிறுவனம் சுலபமா மாத்தித் தராது. அவரைத் தேடிப் பிடிங்க, சண்டை போடாதீங்க. பெயரை உங்க சொந்தக் கணக்குக்கு மாத்தித் தரச் சொல்லுங்க. ஒரே நிறுவனத்துக்குள்ள மாத்துறது சுலபம். வேற நிறுவனத்துக்கு மாத்தணும்னா ஒரு ரகசியக் குறியீடு தேவை, பூட்டையும் திறந்து விடணும். புதுசாப் பதிவு செஞ்ச 60 நாளுக்குள்ள அப்படி மாத்த முடியாது. பேரு காலாவதியாகப் போற கடைசி வாரத்துல இதை ஆரம்பிக்காதீங்க. முதல்ல அவர் கணக்குலயே ஒரு வருஷம் புதுப்பிக்கச் சொல்லி, பிறகு நிதானமா மாத்துங்க.

கடைசியா அந்தக் காபி அம்மாவே கேட்டாங்க. "சார், இந்தப் பேரே வேண்டாம், கடைப் பேரை மாத்தப் போறேன்னா?" விடலாம்மா, அது உங்க உரிமை. ஆனா அச்சடிச்ச பாக்கெட் தீர்ந்து, கடைசிப் பாக்கெட்டும் கடையலமாரியில இருந்து போற வரைக்கும் வெச்சிருங்க. மின்னஞ்சலை எல்லா இடத்துலயும் மாத்தின பிறகும், பழைய முகவரிக்கு ஏதாவது வருதான்னு ஒரு முழு வருஷம் கவனிக்கிற மாதிரி இருந்தா நல்லது. வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் கடிதம் அனுப்புற காப்பீட்டு நிறுவனம் மாதிரி யாராவது மிச்சம் இருப்பாங்க. அவங்களுக்கும் சொல்லி முடிச்ச பிறகு அந்த வரியையும் அணைச்சிடலாம்.